மொத்தம் மட்டும் போதுமானால்: மதிப்பீட்டைச் செம்மையாக்கும் ராவ்–பிளாக்வெல் வழி

ஒரு புத்தகத்தின் முதல் புரூஃபில் பக்கத்துக்குச் சராசரியாக எத்தனை அச்சுப்பிழைகள் என்பது முன்கூட்டித் தெரியாது. தெரியாத அந்தச் சராசரியை λ என்று குறிப்பது வழக்கம். பிழைகள் ஒன்றையொன்று சாராமல், எல்லாப் பக்கங்களிலும் ஒரே சராசரியில் விழுகின்றன என்று கொண்டால், ஒரு பக்கத்திலுள்ள பிழைகளின் எண்ணிக்கை பாய்சான் பரவலில் அமையும். அப்போது ஒரு பக்கம் பிழையே இல்லாமல் இருப்பதற்கான நிகழ்தகவு e^(−λ). இதில் e என்பது 2.718 என்று தொடங்கும் மாறிலி. பதிப்பகத்துக்கு உண்மையில் வேண்டியது இந்த நிகழ்தகவுதான்: நூறு பக்கம் அச்சானால் ஏறக்குறைய எத்தனை பக்கம் சுத்தமாக வரும் என்பதை அது சொல்லிவிடும்.

கையில் இருப்பது ஐந்து பக்கங்கள் மட்டும். புரூஃப் பார்ப்பவர் எண்ணிச் சொன்ன பிழைகள் வரிசையாக 2, 0, 1, 0, 1. மொத்தம் 4. இந்த ஐந்து எண்களிலிருந்து e^(−λ) என்பதை மதிப்பிட வேண்டும்.

மதிப்பீடுகளில் எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று பார்க்கப் புள்ளியியலார் முதலில் வைக்கும் சோதனை, அது பிறழ்ச்சியற்றதா என்பது. ஒரே முறையைப் புதிய புதிய ஐந்து பக்கங்களில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால், கிடைக்கும் விடைகளின் சராசரி உண்மையான மதிப்பில் வந்து நிற்க வேண்டும். Λ எதுவாக இருந்தாலும் நிற்க வேண்டும். ஒருமுறை கூடுதலாகவும் மறுமுறை குறைவாகவும் விடை வரலாம். ஆனால் எப்போதும் ஒரே பக்கம் சாயக்கூடாது.

இந்தச் சோதனையில் தேறுவது ஆச்சரியப்படும் அளவுக்கு எளிது. முதல் பக்கத்தை மட்டும் பார்க்க வேண்டியது. அதில் பிழை இல்லை என்றால் விடை 1, ஒரு பிழையாவது இருந்தால் விடை 0. முதல் பக்கம் சுத்தமாக இருப்பதற்கான நிகழ்தகவு e^(−λ) என்பதால், இந்த 1களும் 0களும் நீண்ட காலத்தில் சராசரியாக e^(−λ) என்றே வரும். ஆகவே இது பிறழ்ச்சியற்ற மதிப்பீடு. இருந்தும் இதை யாரும் பயன்படுத்த மாட்டார்கள். மேலே உள்ள ஐந்து பக்கங்களுக்கு இது தரும் விடை 0, அதாவது 'சுத்தமான பக்கமே வராது'. இரண்டு சுத்தமான பக்கங்கள் கண்ணெதிரே கிடக்கும்போது இப்படியொரு விடை! பிறழ்ச்சியின்மை மட்டும் ஒரு மதிப்பீட்டை நல்லதாக்கிவிடாது என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

இந்த முரட்டு மதிப்பீட்டை எறிந்துவிட்டு வேறொன்றைத் தேடலாம். ஆனால் அதையே மூலப்பொருளாக வைத்து, ஒரே கணக்கில் மிகச் சிறந்த மதிப்பீடாக மாற்றவும் வழி உண்டு. அதற்குத் தேவைப்படுவது போதுமான அளவை என்ற கருத்து. ஆர். ஏ. ஃபிஷர் 1920களின் தொடக்கத்தில் வகுத்தது அது.

ஐந்து பக்கங்களின் மொத்தப் பிழை எண்ணிக்கையை T என்று கொண்டால், λ பற்றி அந்தத் தரவு சொல்லக்கூடியது எல்லாம் T ஒன்றிலேயே அடங்கிவிடுகிறது. மொத்தம் தெரிந்த பிறகு, எந்தப் பக்கத்தில் எத்தனை என்ற விவரம் λ பற்றிப் புதிதாக எதையும் சொல்வதில்லை. இதை இரண்டே பக்கங்களில் சரிபார்த்துவிடலாம். இரண்டு பக்கங்களிலும் சேர்த்து மொத்தம் 2 பிழைகள் என்று வைத்துக்கொண்டால், அவை மூன்று விதமாக அமையலாம்: (2, 0), (1, 1), (0, 2). பாய்சான் சூத்திரப்படி இவற்றின் நிகழ்தகவுகள் இவை:

(2, 0): e^(−2λ) × λ²/2
(1, 1): e^(−2λ) × λ²
(0, 2): e^(−2λ) × λ²/2

மூன்றையும் கூட்டினால் e^(−2λ) × 2λ². ஒவ்வொன்றையும் இந்தக் கூட்டுத்தொகையால் வகுக்கும்போது λ உள்ள பகுதிகள் மேலும் கீழுமாக அடிபட்டுப் போகின்றன. மிஞ்சுபவை 1/4, 1/2, 1/4. λ என்பது 0.1 ஆனாலும் 10 ஆனாலும், மொத்தம் 2 என்று தெரிந்துவிட்டால் இந்த மூன்று விகிதங்கள் மாறுவதில்லை. மொத்தம் 2 பிழை என்ற நிலையில் (2, 0) வந்ததா, (1, 1) வந்ததா என்பதை வைத்து λ பெரியதா சிறியதா என்று ஊகிக்கவே முடியாது. போதுமான அளவை என்பதன் முழுப் பொருளும் இவ்வளவுதான்.

அந்த 1/4, 1/2, 1/4 என்பதை வேறு விதமாகவும் படிக்கலாம். இரண்டு பிழைகளில் ஒவ்வொன்றும் இரண்டு பக்கங்களில் ஏதோ ஒன்றில், சமவாய்ப்பில், தனித்தனியே போய் விழுகிறது. இதே பார்வை ஐந்து பக்கங்களுக்கும் பொருந்தும். மொத்தம் 4 என்று தெரிந்தால், நான்கு பிழைகளும் தனித்தனியே ஐந்து பக்கங்களில் ஏதாவதொன்றில் சமவாய்ப்பில் விழுந்ததாகவே கொள்ளலாம். அப்படி விழக்கூடிய வழிகள் 5 × 5 × 5 × 5 = 625. எல்லா வழிகளுக்கும் ஒரே நிகழ்தகவு.

முரட்டு மதிப்பீட்டிடம் இந்த 625 வழிகளையும் ஒவ்வொன்றாகக் காட்டினால் என்ன சொல்லும்? முதல் பக்கம் சுத்தமாக இருக்க வேண்டுமானால் நான்கு பிழைகளும் மற்ற நான்கு பக்கங்களில் விழ வேண்டும். அதற்கு 4 × 4 × 4 × 4 = 256 வழிகள். அந்த 256இல் விடை 1. மீதி 369இல் விடை 0. ஆனால் λ பற்றிச் சொல்வதைப் பொறுத்தவரை 625 வழிகளும் ஒன்றுதான் என்று சற்றுமுன் பார்த்தோம். ஒரே செய்தியைச் சொல்லும் தரவுகளுக்கு ஒருமுறை 1 என்றும் ஒருமுறை 0 என்றும் விடை சொல்வது வெறும் தடுமாற்றம். அந்தத் தடுமாற்றத்தை நீக்க, 625 விடைகளின் சராசரியை எடுத்து, T = 4 ஆகும்போதெல்லாம் அதையே விடையாகத் தந்தால் போதும்:

256/625 = (4/5)^4 = 0.4096

இதற்கு நிபந்தனைச் சராசரி என்று பெயர். T தெரிந்த நிலையில் முரட்டு மதிப்பீட்டின் சராசரி மதிப்பு அது. T வேறு எண்ணாக இருந்தாலும் கணக்கு இதேதான்: விடை (4/5)^T. பொதுவாக n பக்கங்கள் பார்த்திருந்தால் (1 − 1/n)^T. ஒரேயொரு பக்கத்தைப் பார்த்து 0 அல்லது 1 என்று சொன்ன மதிப்பீடு, இப்போது ஐந்து பக்கங்களிலும் கண்ட பிழைகளைக் கணக்கில் கொண்டு நூற்றுக்கு ஏறக்குறைய 41 என்று நிதானமாகச் சொல்கிறது.

இந்த மாற்றத்தால் பிறழ்ச்சியின்மை கெடவில்லை. காரணம் எளிது. T = 4 ஆக வரும் எல்லாத் தரவுகளையும் ஒரு குழுவாகக் கொண்டால், அந்தக் குழுவுக்குள் விடைகளின் சராசரி முன்பும் 0.4096, இப்போதும் 0.4096. குழுவில் ஒவ்வொருவரின் மதிப்பெண்ணையும் அழித்துவிட்டு, குழுவின் சராசரியை எல்லோருக்கும் எழுதினால் மொத்தச் சராசரி மாறாது. T = 0, 1, 2, 3 என்று எல்லாக் குழுக்களிலும் இப்படியே நடப்பதால், ஒட்டுமொத்தச் சராசரி e^(−λ) என்றே நிற்கிறது.

மாறுவது விடைகளின் சிதறல். பிறழ்ச்சியற்ற ஒரு மதிப்பீட்டின் விடைகள் உண்மை மதிப்பிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை அந்த விலகல்களின் வர்க்கங்களது சராசரி அளக்கிறது. அதற்குப் பரவற்படி என்று பெயர். இந்தப் பரவற்படியை இரண்டு துண்டாகப் பிரிக்கலாம். குழுவுக்குக் குழு சராசரிகள் வேறுபடுவதால் வருவது ஒரு துண்டு. ஒவ்வொரு குழுவுக்குள்ளும் விடைகள் முன்னும் பின்னுமாக அலைவதால் வருவது மறு துண்டு. நிபந்தனைச் சராசரி எடுத்ததும் இரண்டாவது துண்டு முழுவதும் மறைகிறது. முதல் துண்டு அப்படியே இருக்கிறது. எனவே பரவற்படி குறையும். குறையாவிட்டாலும் ஒருபோதும் கூடாது. குறையாமல் நிற்பது ஒரே நிலையில்தான்: மூல மதிப்பீடு ஏற்கெனவே T ஒன்றையே நம்பி விடை சொல்வதாக இருந்தால், குழுவுக்குள் அலைவதற்கு எதுவும் இராது.

எவ்வளவு குறைகிறது என்பதை λ = 1 என்று வைத்துப் பார்க்கலாம். அப்போது உண்மையான நிகழ்தகவு 0.368. முரட்டு மதிப்பீட்டின் பரவற்படி 0.368 × 0.632, அதாவது 0.2325. புதிய மதிப்பீட்டின் பரவற்படிக்கு e^(−2λ) × (e^(λ/n) − 1) என்ற சூத்திரம் உண்டு; n = 5 என்றால் அது 0.0300. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு. தரவு அதே ஐந்து பக்கங்கள்தான். கூடுதலாக ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை.

எட்டில் ஒரு பங்கு என்பதில் ஒரு சிறு ஏமாற்று இருப்பதாக வாசகர் சந்தேகப்பட்டால் அது நியாயமே. தொடங்கிய மதிப்பீடு அத்தனை மோசம்; நான்கு பக்கங்களைக் கண்ணெடுத்தும் பார்க்காத ஒன்றை வெல்வது பெருமை அல்ல. நேர்மையான போட்டியாளர் வேறு: ஐந்தில் எத்தனை பக்கங்கள் சுத்தம் என்று எண்ணுவது. இங்கே அது 2/5, அதாவது 0.4. இதுவும் பிறழ்ச்சியற்றது, சாதாரணமாக எவரும் செய்வதும் இதுதான். λ = 1 எனில் இதன் பரவற்படி 0.0465. இதையும் (4/5)^T தெளிவாகவே வெல்கிறது. எண்ணிப் பார்க்கும் முறையில் 0.0300 அளவுக்கு இறங்க ஐந்துக்குப் பதில் எட்டுப் பக்கங்கள் படிக்க வேண்டியிருக்கும்.

எண்ணிப் பார்க்கும் முறை எங்கே தோற்கிறது என்பதையும் இதே வழியில் காணலாம். முரட்டு மதிப்பீட்டை T-க்குப் பதிலாக வேறொன்றின் மேல் சராசரி எடுப்பதாகக் கொள்வோம்: பிழை எண்ணிக்கைகள் 0, 0, 1, 1, 2 என்று தெரியும், ஆனால் எது எந்தப் பக்கம் என்பது மட்டும் மறந்துவிட்டது. இந்த நிலையில் முதல் பக்கம் சுத்தமாக இருப்பதற்கான வாய்ப்பு 2/5. ஆக, எண்ணிப் பார்க்கும் முறையே ஒரு நிபந்தனைச் சராசரிதான்! வரிசை மறந்த இந்தப் பட்டியலும் போதுமான அளவைதான். ஆனால் தேவைக்கு அதிகமான விவரத்தை இன்னும் வைத்திருக்கிறது. மொத்தம் 4 என்பது 0, 0, 1, 1, 2 ஆகவும் வரலாம், 0, 0, 0, 0, 4 ஆகவும் வரலாம். முன்னதில் எண்ணும் முறை 0.4 என்கிறது, பின்னதில் 0.8 என்கிறது. λ பற்றி இரண்டும் சொல்வது ஒன்றே. அந்த எஞ்சிய அலைவையும் T துடைத்துவிடுகிறது. போதுமான அளவை எவ்வளவு சுருக்கமாக இருக்கிறதோ அவ்வளவுக்குப் பலன்.

அப்படியானால் போதுமான அளவையாக இல்லாத ஒன்றின்மேல் சராசரி எடுத்தால் என்ன கெட்டுவிடும்? பரவற்படி அப்போதும் குறையும், பிறழ்ச்சியின்மையும் கெடாது. கெடுவது வேறு. முரட்டு மதிப்பீட்டை இரண்டாம் பக்கத்தின் பிழை எண்ணிக்கை தெரிந்த நிலையில் சராசரி எடுத்தால், இரண்டு பக்கங்களும் ஒன்றையொன்று சாராதவை என்பதால், கிடைப்பது e^(−λ) தானே. பரவற்படி சுழி! ஆனால் அதைக் கணக்கிட λ தெரிந்திருக்க வேண்டும், தேடிக்கொண்டிருப்பதே அதைத்தான். போதுமான அளவையைக் கேட்பதன் காரணம் இங்கே விளங்கும். அது இருந்தால் மட்டுமே 625இல் 256 என்பதுபோல, λ கலக்காத, காகிதத்தில் எழுதக்கூடிய எண் கிடைக்கும். மாணவர்கள் இந்தத் தேற்றத்தில் அதிகம் தடுக்கி விழும் இடமும் இதுதான்: பரவற்படியைக் குறைப்பது நிபந்தனைச் சராசரியின் வேலை, விடையைக் கணக்கிடக்கூடியதாக ஆக்குவது போதுமான அளவையின் வேலை.

இந்த முறைக்கு ராவ்–பிளாக்வெல் தேற்றம் என்று பெயர். கர்நாடகத்தின் ஹடகலியில் 1920இல் பிறந்த சி. ஆர். ராவ், 1945இல் கல்கத்தா கணிதச் சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் இது இடம்பெற்றது. பரவற்படி எந்த அளவுக்குக் கீழே இறங்கவே முடியாது என்று கூறும் கிராமர்–ராவ் சமனின்மையும் அதே கட்டுரையில்தான் இருக்கிறது. ராவை அறியாமல் அமெரிக்கக் கணிதவியலாளர் டேவிட் பிளாக்வெல் 1947இல் இதே முடிவுக்கு வந்தார். எத்தனை அவதானிப்புகளோடு நிறுத்துவது என்பதைத் தரவைப் பார்த்துக்கொண்டே தீர்மானிக்கும் சோதனைகளை ஆராய்ந்தபோது அவருக்கு அது கிடைத்தது.

(4/5)^T என்பதை இன்னும் செம்மையாக்க முடியுமா? பிறழ்ச்சியற்ற மதிப்பீடுகளுக்குள் முடியாது. 1950இல் வெளிவந்த லேமன்–ஷெஃபே தேற்றம் இதைச் சொல்கிறது. பாய்சான் பரவலில் T-க்கு ஒரு கூடுதல் பண்பு உண்டு: T-ஐ மட்டும் வைத்து எழுதப்பட்ட இரண்டு வெவ்வேறு மதிப்பீடுகள் எல்லா λ-களுக்கும் ஒரே சராசரியைத் தர முடியாது. எனவே எந்தப் பிறழ்ச்சியற்ற மதிப்பீட்டிலிருந்து தொடங்கினாலும் T-இன்மேல் சராசரி எடுத்தால் வந்து சேரும் இடம் ஒன்றே. மூன்றாம் பக்கத்தை மட்டும் பார்க்கும் முரட்டு மதிப்பீட்டில் தொடங்கினாலும், ஐந்து பக்கங்களையும் எண்ணும் முறையில் தொடங்கினாலும், முடிவு (4/5)^T. தொடக்கம் எவ்வளவு மட்டமாக இருந்தாலும் கவலையில்லை என்பது இதனால்தான். கணக்குப் போட எது எளிதோ அதில் தொடங்கலாம்.

இந்த ஒரே விடை எப்போதும் புத்திசாலித்தனமான விடையாக இருக்கும் என்று மட்டும் எண்ணக்கூடாது. அதே ஐந்து பக்கங்களைக் கொண்டு, பத்துப் பக்க அத்தியாயம் ஒன்று பிழையே இல்லாமல் வருவதற்கான நிகழ்தகவை, அதாவது e^(−10λ) என்பதை, மதிப்பிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். k பக்கங்களுக்கான பிறழ்ச்சியற்ற மதிப்பீடு (1 − k/5)^T. k = 10 என்று போட்டால் அது (−1)^T ஆகிறது. மொத்தப் பிழை 4 என்றால் நிகழ்தகவு 1, அத்தியாயம் உறுதியாகச் சுத்தம். ஒரு பிழை கூடி 5 ஆனால் நிகழ்தகவு −1, அதற்குப் பொருளே இல்லை. கணக்கில் தவறு இல்லை. T-ஐ வைத்து எழுதக்கூடிய பிறழ்ச்சியற்ற மதிப்பீடு இது ஒன்றுதான், எனவே சிறந்ததும் இதுவே. ஐந்து பக்கங்களைக் கொண்டு பத்துப் பக்கங்களைப் பற்றிப் பேசும்போது பிறழ்ச்சியின்மை என்ற நிபந்தனையே தவறான கட்டாயமாகிவிடுகிறது. அங்கே சிறிது பிறழ்ச்சியை ஏற்றுக்கொண்டு, T/5 என்ற சராசரியை λ-இன் இடத்தில் வைத்து e^(−10T/5) என்று எழுதுவதே விவேகம்.

ஒரு பக்கத்துக்கான கேள்வியிலும் இந்தக் குறுக்குவழி உண்டு. T/5 = 0.8 என்று வைத்தால் e^(−0.8) = 0.449. இது 0.4096-ஐவிட அதிகம், தற்செயலாக அல்ல, இந்த முறை எப்போதும் மேல்நோக்கிச் சாயும். λ = 1 எனில் அதன் நீண்டகாலச் சராசரி 0.404, உண்மை 0.368. பக்கங்கள் கூடக் கூட இந்தச் சாய்வு கரைந்துவிடும். N பெரிதாகும்போது (1 − 1/n)^T என்பதும் e^(−T/n) என்பதும் பிரித்தறிய முடியாத அளவுக்கு நெருங்கிவிடுகின்றன.

இதையெல்லாம் தாங்கி நிற்பது ஒரே ஓர் அனுமானம்: பிழைகள் பாய்சான் பரவலில் விழுகின்றன. அது பொய்த்தால் மொத்தம் போதுமான அளவையாக இராது. (4/5)^T பிறழ்ச்சியற்றதாகவும் இராது. ஒரு பக்கத்தை மட்டும் அவசரத்தில் யாரோ தட்டச்சு செய்ததால் எண்ணிக்கைகள் 0, 0, 0, 0, 10 என்று வந்ததாகக் கொண்டால், மொத்தம் 10; விடை (4/5)^10 = 0.107. ஐந்தில் நான்கு பக்கங்கள் சுத்தமாகக் கிடக்கும்போது பத்தில் ஒன்றுதான் சுத்தம் என்கிறது சூத்திரம். எண்ணிப் பார்க்கும் எளிய முறையோ 0.8 என்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் சுத்தமாக இருக்கும் வாய்ப்பு ஒன்றாக இருக்கும் வரை அந்த முறை எந்தப் பரவலிலும் பிறழாது. அது கூடுதல் பரவற்படியைச் சுமப்பதற்குக் கிடைக்கும் ஈடு இந்தப் பாதுகாப்பு.

அனுமானம் பொய்ப்பதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. பாய்சான் பரவலில் சராசரியும் பரவற்படியும் சமம். 0, 0, 0, 0, 10 என்ற தரவில் சராசரி 2, பரவற்படி 20. பத்து மடங்கு வேறுபாடு எச்சரிக்கை மணி அடிக்கிறது. அனுமானம் நிலைக்கும் தரவு எப்படி இருக்கும் என்பதற்குப் பாடநூல்களில் நிலைத்துவிட்ட எடுத்துக்காட்டு, லாடிஸ்லாவ் போர்ட்கேவிச் 1898இல் வெளியிட்ட நூலில் உள்ளது. பிரஷ்ய ராணுவத்தில் குதிரை உதைத்து இறந்த வீரர்களின் கணக்கு அது. வழக்கமாக எடுத்தாளப்படும் 10 படைப்பிரிவுகளின் 20 ஆண்டுத் தரவில் 200 பதிவுகள்: 109 பதிவுகளில் யாரும் இறக்கவில்லை, 65இல் ஒருவர், 22இல் இருவர், 3இல் மூவர், 1இல் நால்வர். மொத்தம் 122 சாவுகள். சராசரி 0.61, பரவற்படியும் 0.61. யாரும் இறக்காத ஆண்டுக்கான நிகழ்தகவை நேரடியாக எண்ணினால் 109/200 = 0.545; மொத்தத்தின்மேல் சராசரி எடுத்த மதிப்பீடு (199/200)^122 = 0.5425. இரண்டும் ஒட்டி நிற்பதே அந்தத் தரவுக்குப் பாய்சான் அனுமானம் பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு சாட்சி. அப்படிப் பொருந்தும் இடத்தில் இரண்டாவதையே நம்பலாம்: இரண்டின் திட்ட விலக்கங்களும் முறையே 0.035, 0.030.